திறந்தே கிடந்த ரெக்வெஸ்ட்

எங்கள் தெருவில் எனக்கு வேதகிரி என்று பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் 'வூட்லயே கீறவரு'. சொல்லிவிட்டுப் போகட்டும். ஐந்து வருடமாக வீட்டிலேயேதான் இருக்கிறேன். கொரோனாவில் என் சொந்த கிராமமான பெருநகருக்கு வந்தவன், எல்லோரும் மறுபடி ஆபீசுக்குப் போனபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸ் பதிவில் காரணம் இன்னும் 'தாயாரின் உடல்நிலை' என்றே இருக்கிறது. நான் மாற்றவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று காலை நடந்தது புரியாது. ஒரு தனியார் பால் கம்பெனிக்கு மென்பொருள் எழுதித் தரும் ஆபீஸ் எங்களுடையது. நானூற்றுப் பன்னிரண்டு கிராமங்களில் பால் வாங்கும் நிலையங்கள் இருக்கின்றன. பாலை ஊற்றினால் எடையும் கொழுப்பும் மெஷினிலிருந்து நேராக எங்கள் மென்பொருளுக்கு வரும், அது சீட்டு நம்பர் கொடுக்கும். அந்த மென்பொருள் ஓடுகிற கணினிக் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பார்த்துக்கொள்வது என்றால் கையை வைப்பது இல்லை. கையை வைக்கவே கூடாது. எந்த மென்பொருள் எத்தனை நகல் ஓட வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரி வரை எடுத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் கோப்புகளில் எழுதி ரெப்போ என்ற பொதுக் கிடங்கில் வைத்திருக்கிறோம். ரெப்போவில் இருப்பதுதான் சட்டம். ஒரு புரோகிராம் ராப்பகலாக ரெப்போவையும் கிளஸ்டரையும் ஒப்பிட்டுப் பார்த்து, ரெப்போவில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே கிளஸ்டரை மாற்றி வைக்கும். நாங்கள் அதை வாட்ச்மேன் என்போம். உனக்கு ஏதாவது மாற்ற வேண்டுமா, கோப்பைத் திருத்தி ஒரு ரெக்வெஸ்ட் போடு. பட்டியலில் பெயர் உள்ள இன்னொருவர் பார்த்து அப்ரூவ் செய்வார். அப்புறம்தான் அது ரெப்போவில் சேரும். தன் ரெக்வெஸ்ட்டைத் தானே அப்ரூவ் பண்ணிக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாடு முழுக்க நான் கட்டியது. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

ஜெயப்பிரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க்காரி, இருபத்தெட்டு வயது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி எங்கள் டீமில் வேலை பார்த்தாள். சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "இன்னாம்மா, நாஷ்டா துன்னியா?" என்று இன்னொரு போனில் அவள் அம்மாவைக் கேட்டாள். பெங்களூர், புனே என்று பதினாறு பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மீட்டிங் முடிந்ததும், "நீங்க எந்த ஊரு?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அன்றிலிருந்து நாலு வருடம், தினமும் மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிடம் லைனிலேயே இருப்போம். ஏரி நிரம்பியதா, பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாமே, இப்படித்தான் பேச்சு. ஆபீசில் நான் ஊர்ப் பேச்சு ஒட்டாமல் வாயைக் கழுவிக்கொண்டு பேசுவேன். அவளிடம் மட்டும் கழுவாமல் பேசலாம். அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் சில நாட்களில் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அதை நானேதான் கெடுத்துக்கொண்டேன்.

தீபாவளியிலிருந்து பொங்கல் முடியும்வரை எங்களுக்குத் தடைக்காலம். ஸ்வீட், நெய் என்று பாலுக்குக் கிராக்கி இருக்கிற நேரம், புதிதாக எதையும் ஏற்றி வம்பு வாங்கக் கூடாது என்பது பால் கம்பெனியின் உத்தரவு. அதனால் அந்த நாட்களில் பால் பதிவு மென்பொருளுக்கு மட்டும் வாட்ச்மேனை நிறுத்தி வைப்போம். நவம்பர் இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி ஜெயப்பிரியாவுடையது. காலையில் நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவு அனுப்ப, ஒவ்வொரு நகலும் மெமரி வரம்பைத் தாண்டி, தாண்டியதைக் கிளஸ்டர் கொன்று, பாரம் அடுத்த நகல் மேல் ஏறி, அதுவும் செத்தது. ரெப்போவில் வரம்பு இருநூற்று ஐம்பத்தாறு எம்பி. அவள் ரெக்வெஸ்ட், அப்ரூவல் எதற்கும் காத்திருக்கவில்லை. நேராகக் கிளஸ்டருக்குள் போய்க் கையாலேயே அதை நாலு மடங்காக, ஒரு ஜிபி ஆக்கிவிட்டாள். நாலு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது விதி, ஒழுங்கு என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். கிளஸ்டரில் கை வைக்கும் அனுமதியை அவளிடமிருந்து எடுத்தேன். அப்ரூவ் செய்பவர்கள் பட்டியலிலிருந்தும் அவள் பெயரை எடுத்தேன். அடுத்த மாதம் அவளை வேறு டீமுக்கு மாற்றினார்கள். அந்த ஞாயிறு மதியமே அவள் தான் செய்த மாற்றத்தை ரெப்போவிலும் சேர்க்கச் சொல்லி முறையாக ஒரு ரெக்வெஸ்ட் போட்டிருந்தாள். 'அளவெடுத்துக் காட்டு. தடைக்காலம் முடிந்ததும் பார்க்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதிலிருந்து எனக்கு அறிவிப்பு வராதபடி அமுக்கி வைத்தேன்.

பத்து நிமிடப் பேச்சு நின்றது. மீட்டிங் முடிந்ததும் பதினாறு பெயர்களும் திரையிலிருந்து ஒன்றொன்றாக மறையும், நான் கடைசிவரை இருப்பேன். எங்கள் டீமில் இருந்தவரை அவள் பெயர் முதலிலேயே போய்விடும். போன் பண்ணலாம்தான். அவள் பண்ணட்டுமே என்று இருந்தேன்.

பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசி வியாழக்கிழமை. சாயங்காலப் பால் முடிந்த பிறகு வாட்ச்மேனைத் திரும்ப இயக்கினேன். இந்த முறை இன்னும் கறாராக. யாராவது கையால் எதையாவது மாற்றினால் சில நொடிகளிலேயே ரெப்போவின்படி திருப்பிவிடும் வசதியையும் சேர்த்துப் போட்டேன். மேனேஜர் பஞ்சாட்சரம் படிக்காமலேயே அப்ரூவ் செய்தார். இயக்குவதற்கு முன் ரெப்போவுக்கும் கிளஸ்டருக்கும் உள்ள வேறுபாடுகள் திரையில் வரிசையாக வந்தன. அதில் ஒன்று: மெமரி, கிளஸ்டரில் ஒரு ஜிபி, ரெப்போவில் இருநூற்று ஐம்பத்தாறு. பார்க்காமல் விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். யார் கை என்று தெரியும். தீபாவளி நெரிசல்தான் முடிந்துவிட்டதே, எதற்கு இது என்று நினைத்தேன். அது அழியப்போகிறது என்பதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, வெட்கக்கேடு. பட்டனை அழுத்தினேன். எல்லாம் பச்சையாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனில் ஆபீஸ் அபாய அழைப்பு அலறியது. அதை எடுப்பதற்குள் கதவையும் யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு சொக்கம்மாள். இரண்டு மாடு வைத்திருக்கிறாள், அதுதான் அவள் ஜீவனம். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஊருக்குள் இருக்கும் பால் நிலையத்திலிருந்து மூச்சு வாங்க வந்திருந்தாள்.

"நைனா, மிஷினு சீட்டு குடுக்க மாட்டேங்குது. பால் எடுக்கற சேட்டு சொல்றாரு, உங்க காலனியாளுதான் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர்ல கீறாரு, போய்க் கேளுன்னு. ஏயரைக்கு வேனு பூடும்."

"நோட்டுல எழுதிக்கச் சொல்றதுதான?"

"போன வருசம் நோட்டுல எழுதித்தான் பெரிய ரகளை ஆச்சே! சீட்டு நம்பரு இல்லாத கேனை வேன்காரன் தொடவே மாட்டான். பதிமூணு லிட்டரு நைனா. நாப்பது பேரு நின்னுக்கினுகீறாங்க."

திரையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நகல்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன. எழுந்திருக்கும், பத்து நொடி மூச்சு விடும், செத்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டு நிலையங்களிலும் ஜனங்கள் கேனை வைத்துக்கொண்டு நிற்பார்கள். காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. நேற்று சாயங்காலம் நான் சந்தோஷமாக அழித்த அந்த ஒரு வரி.

"சரி பண்ணிடலாம், நீ போ," என்றேன். அவள் போகவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

கோப்பைத் திறந்தேன், இருநூற்று ஐம்பத்தாறை ஒரு ஜிபி ஆக்கினேன், ரெக்வெஸ்ட் போட்டேன். ஒரு நிமிட வேலை. இனி ஒருவர் அப்ரூவ் செய்ய வேண்டும். பட்டியலில் மூன்று பெயர். ஒன்று நான். இன்னொன்று ஆல்பர்ட், டிசம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான். மூன்றாவது பஞ்சாட்சரம். போனை எடுத்தேன், ஸ்விட்ச் ஆஃப். காலண்டரைப் பார்த்தேன். ஐந்தே முக்கால் விமானத்தில் டில்லி. ஆளே வானத்தில் இருக்கிறார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கிளஸ்டரில் கை வைக்கும் அனுமதியை ஜெயப்பிரியாவுக்குப் பிறகு மற்ற எல்லோரிடமிருந்தும் எடுத்தபோது எனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. உள்ளே போய்க் கையாலேயே ஒரு ஜிபி என்று மாற்றினேன். மாறியது. புது நகல்கள் எழ ஆரம்பித்தன. "ஆச்சு!" என்று சொக்கம்மாளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எண் மறுபடி இருநூற்று ஐம்பத்தாறுக்குப் போய்விட்டது. வாட்ச்மேன் பார்த்துவிட்டது. மறுபடி மாற்றினேன். மறுபடி அது திருப்பியது. வாட்ச்மேனின் அந்த வசதியை அணைத்தேன். அந்த வசதி இருக்க வேண்டும் என்பதும் ரெப்போவில் எழுதியிருக்கிறதே, அதைக் காவல் காக்க இன்னொரு காவல் நானே போட்டிருந்தேன். சில நொடிகளில் அதுவும் திரும்ப இயங்கியது. வாட்ச்மேனையே ஒட்டுமொத்தமாக நிறுத்தும் அதிகாரம் பஞ்சாட்சரத்திடம் மட்டும்தான். அதுவும் என் யோசனைதான், வேறு யாருடையது?

மணி ஆறே முக்கால். சொக்கம்மாள் வாசலில் இருந்தபடியே கேட்டாள்.

"இன்னா நைனா ஆச்சு? சொன்னாத்தான தெரியும்."

எரிச்சலில் சொல்லிவிட்டேன். "முன்னாடி ஒரு பொண்ணு சரியாத்தான் வச்சிருந்துச்சி. நேத்து நான் அத்த மாத்திட்டேன். இப்ப திருப்பி மாத்தணும்னா இன்னொரு ஆளு சரின்னு சொல்லணும். ஆளே இல்ல."

"அந்தப் பொண்ணு எங்க?"

"கீது. நாங்க பேசறதில்ல."

"சண்டையா?"

"ம்."

"நல்லா கீது போ! அங்க நாப்பது பேரு பால வச்சிக்கினு குளுருல நிக்கறாங்க, இவுங்களுக்குச் சண்டையாம்." தலையில் அடித்துக்கொண்டாள். "நான் போய் வரிசையில நிக்கறேன். பேசறதுன்னா பேசு."

அவள் போன பிறகு வீடு முழுக்க ஃபேன் சத்தம் மட்டும். லேப்டாப்பின் ஃபேன்தான். ஜெயப்பிரியாவின் எண் போனில் எங்கேயோ கீழே போயிருந்தது. தேடி எடுத்தேன். அழுத்தினேன். நாலு முறை அடித்தது. எடுக்க மாட்டாள், எடுத்தால்தான் ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தாள்.

"சொல்லுங்க."

தூக்கக் கலக்கம் இல்லாத குரல். பின்னால் குக்கர் விசில்.

"ஜெயப்பிரியா, பால் பதிவு விழுந்துடுச்சி. அந்த மெமரி… நேத்து நான் வாட்ச்மேன ஆன் பண்ணேன். ஏழரைக்கு வேன் போயிடும். ஒரு ரெக்வெஸ்ட் போட்டுக்கீறேன், கொஞ்சம் அப்ரூவ் பண்ணேன்."

"என்னால முடியாதுங்க."

"தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன். கோவத்த அப்புறம் காட்டு. ஜனங்க நின்னுக்கினுகீறாங்க…"

"கோவம்லாம் இல்ல. அந்த லிஸ்ட்ல என் பேரு இல்ல. நான் அப்ரூவ் அமுக்கினா செல்லாது. நீங்கதான எடுத்தீங்க?"

எனக்கு மறந்தே போயிருந்தது. பஞ்சாட்சரம் இல்லை, ஆல்பர்ட் இல்லை, இருந்த இன்னொருத்தியையும் நானே பிடுங்கி வீசியிருக்கிறேன். போனைக் காதில் வைத்தபடியே பட்டியலை மறுபடி திறந்து பார்த்தேன்.

"கீறீங்களா?" என்றாள்.

"ம்."

"என்னோட ரெக்வெஸ்ட் ஒண்ணு கீதே. அத்த நீங்க அப்ரூவ் பண்ணலாமே. எழுதினது நான், பாக்கறது நீங்க. ரெண்டு பேரு ஆச்சு."

"நீ அத்த மூடிட்டிருப்பன்னு நெனச்சேன்."

"ஏன் மூடணும்? அது சரிதான?"

வைத்துவிட்டாள். கோபமாக இல்லை, வேலை முடிந்த மாதிரி.

பட்டியலில் கீழே கீழே போய்க் கண்டுபிடித்தேன். பதினோரு வாரமாகத் திறந்தே கிடந்தது. 'அளவெடுத்துக் காட்டு' என்ற என் வரிக்குக் கீழே அவள் ஒரு வாரத்திலேயே பதில் எழுதியிருந்தாள். வாரம் முழுக்க அளவெடுத்து வரைபடம் சேர்த்திருந்தாள், அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் எழுநூறு எம்பி வரை போகிறது. இது தீபாவளி நெரிசல் இல்லை, அக்டோபரில் புதிதாகச் சேர்ந்த அறுபது நிலையங்களால் வருகிறது. குறையாது என்று எழுதியிருந்தாள். கீழே தேதி வாரியாக இன்னும் மூன்று வரிகள். 'பார்க்கவும்.' 'வேதகிரி, பார்த்தீங்களா?' மூன்றாவது டிசம்பர் கடைசியில்: 'வாட்ச்மேனை ஆன் பண்றதுக்கு முன்னாடி இது உள்ளே போயிடணும். இல்லாட்டி காலைல விழும். ப்ளீஸ்.'

டீம் மாற்றிய பிறகு எழுதியது அந்தக் கடைசி வரி. அவளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத நேரம். படித்துவிட்டு நான் மூஞ்சியைக் கையால் மூடிக்கொண்டேன். அழுதேன் என்றால் அழுதேன்தான். ஆனால் மணி ஏழு ஐந்து.

அப்ரூவ் அழுத்தினேன். சோதனைகள் ஓடி முடிய மூன்று நிமிடம், அந்த மூன்று நிமிடமும் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு சேர்த்தேன். வாட்ச்மேன் ரெப்போவைப் பார்த்தது. கிளஸ்டரில் எண் மாறியது. இந்த முறை யாரும் அதைத் திருப்பவில்லை. முதல் நகல் எழுந்து நின்றது, இரண்டாவது, மூன்றாவது. ஏழு பதினாலுக்குப் பதிவுகள் வர ஆரம்பித்தன. பெருநகர் நிலையத்தைத் தேடிப் பார்த்தேன். கோடு வேகமாக மேலே ஏறியது. ஏழு இருபத்தாறுக்கு, சொக்கம்மாள், பதின்மூன்று லிட்டர் இருநூறு மில்லி, கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள். காலிக் கேனைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பு பாலை நீட்டினாள். "வேன்காரன் கத்திக்கினேதான் ஏத்தினான். கடசி நாலு பேருது அப்படியே நின்னுட்ச்சி. குளுரு நாளு, கெடாது, டீக்கடைக்கு ஊத்திட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட பேசினியா?"

"பேசினேன்."

"அப்பாடா," என்று கேனை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணி மீட்டிங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் விழுந்தது, ஜெயப்பிரியா எழுதி வைத்ததால் எழுந்தது, நவம்பரில் நான் எழுதிய அறிக்கை தப்பு. பதினாறு பேரும் மைக்கை அணைத்தபடி கேட்டார்கள். யாரோ ஒரு கட்டைவிரல் படம் போட்டார்கள். பிறகு பெயர்கள் ஒன்றொன்றாக மறைந்தன.

மதியம் டில்லியிலிருந்து பஞ்சாட்சரம் கூப்பிட்டார். அப்ரூவல் பட்டியலில் ஜெயப்பிரியா பெயரைத் திரும்பச் சேர்க்க நான் போட்டிருந்த ரெக்வெஸ்ட்டைப் பார்த்திருக்கிறார்.

"என்ன வேதகிரி, இது எதுக்கு? அந்தப் பொண்ணு வேலையை விடறேன்னு பேப்பர் போட்டு ரெண்டு மாசம் ஆச்சே. இன்னைக்கு லாஸ்ட் டே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. என்னிடம் யார் சொல்வார்கள்? சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருந்தாள். ரோட்டுச் சத்தம் கேட்டது.

"காலைல வேன் போறதுக்குள்ள ஆயிடுச்சி," என்றேன்.

"பார்த்தேன். மெயில் வந்துச்சி."

"ஜெயப்பிரியா, நான் பண்ணது ரொம்பத் தப்பு. உன்னோட ரெக்வெஸ்ட்ட நான் படிக்கவே இல்ல. படிச்சிருந்தா… மன்னிச்சிடு."

"பரவால்ல விடுங்க."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். பேஜார் புட்ச்ச வேல, எல்லாருக்கும் ஆவறதுதான்." ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. "புனேல கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழம ட்ரெயினு. நாளிக்கி ஊருக்குப் போய் அம்மாவப் பார்த்துட்டுக் கெளம்பணும்."

உத்திரமேரூர் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போயேன்."

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "உங்க வூடு எங்கன்னு நீங்க சொன்னதே இல்லியே. நாலு வருசமா கேட்டிருப்பேன். பெருநகர்ல எங்கன்னா, 'அந்தப் பக்கந்தான்'னு சொல்லுவீங்க."

உண்மைதான். அவள் என்ன நினைப்பாள், அவள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். ஒரு தெருப் பெயர், சொன்னால் சாதி தெரிந்துவிடும், அவ்வளவுதான். இன்று சொன்னேன்.

"காலனி. மெயின் ரோட்டுல எறங்கி, தண்ணி டேங்க் தாண்டி மூணாவது வூடு. பச்ச கேட்டு."

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"போன பொங்கலுக்கு முந்தின பொங்கலு. உங்க அம்மா எறந்த வருசம். நீங்க ஒண்டியா கீறீங்களேன்னு எங்க அம்மா கரும்பும் பொங்கலும் கட்டிக் குடுத்துச்சி. பெருநகர்ல எறங்கி உங்களுக்குப் போன் பண்ணேன். சென்னைல கீறேன்னீங்க. டீக்கடைல கேட்டா, வூட்லதான் கீறாருன்னு வழி சொன்னாங்க. பச்ச கேட்டு வரிக்கும் வந்தேன். கதவு சாத்திக் கெடந்துச்சி, உள்ள டீவி ஓடிக்கினு இருந்துச்சி. திரும்பி வந்துட்டேன்."

அந்தப் பொங்கல் எனக்கு நினைவிருக்கிறது. டிவியை வைத்துவிட்டு நாள் முழுக்கப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மதியம் சாப்பிடவில்லை. அவள் போன் வந்தபோது எதற்குப் பண்ணுகிறாள் என்றுகூடக் கேட்காமல் பொய் சொல்லிவிட்டு வைத்தேன்.

"அப்பவே கூப்ட்டிருக்கலாமே," என்றேன்.

"நீங்கதான் சொல்லணும்னு இருந்தேன்."

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தாள். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, "உடம்பப் பார்த்துக்கோங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.